எல்லாவற்றையும் ஒரு கட்டம் தள்ளியவர்

நேர்கோடு என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. ஹோட்டல் பேண்டில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் கீபோர்டுக்காரர் வைத்தது. "மனுஷன் வாசிச்சா ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரியே இருக்குப்பா" என்று ஒருநாள் சொன்னார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு பதினோரு வருஷம் நிம்மதியாக வாசித்தார் நேர்கோடு. பன்னிரண்டாம் வருஷம் ஏனோ சந்தேகம் வந்தது. விசாரிக்கலாம் என்று பார்த்தால் கீபோர்டுக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். ஹோட்டலும் பேண்டைக் கலைத்துவிட்டு, சாப்பாட்டு ஹாலின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் மாட்டிவிட்டது.

வாசிப்புதான் நேர்கோடு. ஆளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நாற்பத்தேழு வயதில் ஒரு நிமிஷம் கைகாலைக் கட்டி உட்காரத் தெரியாது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி ஊசியோடு குனிந்தால், இவர் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போடுவார். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தட்டி, முன்சீட்டுக்காரர்களிடம் வாங்கிய திட்டுகளை எழுதினால் ஒரு சின்னப் புத்தகமே போடலாம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, "உங்க பக்கத்துல படுத்தா ரயில்ல படுத்த மாதிரி இருக்கு. நான் எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னாவது சொல்லுங்க" என்பார்.

பேண்டு கலைந்ததும் மனைவியின் தம்பி கைகொடுத்தார். அவரிடம் ஒரு மாடி முழுக்க ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருந்தது. மாடி என்றால் முன்னால் ஒரு ரிசப்ஷன் மேஜை, உள்ளே இரண்டு அறை, அவ்வளவுதான். ஒன்றில் மைக், மற்றதில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சுழல்நாற்காலி நேர்கோட்டுக்கு. யாருக்கு எந்தப் பாட்டுக்குத் தாளம் வேண்டுமென்றாலும் திரையில் கட்டம் கட்டமாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். ஆறு வருஷமாக அந்த நாற்காலியில் ஆடி ஆடி, அதன் ஒரு சக்கரத்தை உடைத்தும் வைத்திருந்தார்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்டுவிழா. பன்னிரண்டு நர்ஸுகள் ஆடுகிறார்கள். சொல்லிக்கொடுக்கும் டான்ஸ் டீச்சர் ஐம்பதைத் தாண்டியவர். பேசும்போதும் கால் கட்டைவிரலால் தரையைச் சோதித்துக்கொண்டே இருப்பார். இரண்டு நிமிஷத் தாளம் கேட்டு வந்தவர், நேர்கோடு போட்டதைக் கேட்டுவிட்டு ஸ்டூடியோக்காரரைத்தான் பார்த்தார்.

"தம்பி, என் பொண்ணுங்க ராத்திரி டியூட்டி முடிச்சிட்டு ஆட வர்றாங்க. இதைப் போட்டா ஆட மாட்டாங்க, படுத்துடுவாங்க."

"இதுல என்ன டீச்சர் குறை? அடி எல்லாம் கரெக்டா விழுதே" என்றார் நேர்கோடு.

"அதான் சார் குறையே. அடுத்தது எப்ப விழும்னு எனக்கு முன்னாடியே தெரியுது. அப்புறம் எதுக்கு நான் அதைக் கேக்கணும்?"

டீச்சர் போன பிறகு மைத்துனர் கதவைச் சாத்தினார். அக்காவின் கணவர் என்ற மரியாதை குரலில் குறையவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அத்தான், கஸ்டமர் இப்படிச் சொல்றது இது ரெண்டாவது தடவை. நாளைக்கு நாலு மணிக்கு டீச்சர் திரும்ப வராங்க. அப்பவும் தலையாட்டலன்னா நான் ரெடிமேட் தாளம் வாங்கிப் போட்டுக்கிறேன். இப்ப எல்லாம் ஆயிரக்கணக்குல கிடைக்குது. நீங்க முன்னாடி ரிசப்ஷன்ல உக்காந்து போன் எடுங்க. அங்க ஏசி கூட நல்லா வரும்."

"எனக்குக் குளிர் ஒத்துக்காதுப்பா."

"அப்போ நாளைக்கு நல்லா போடுங்க."

மறுநாள் எட்டு மணிக்கே நேர்கோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். திரையில் அவருடைய தாளம் நீட்டிப் படுத்திருந்தது. ஒரு சுற்றுக்கு நாலு அடி. ஒவ்வொரு அடியையும் நாலு துண்டாக வெட்டினால் மொத்தம் பதினாறு கட்டம். ஒன்றாம் கட்டத்தில் பெரிய டிரம் 'தும்'. ஐந்தில் சின்ன டிரம்மான ஸ்நேர் 'டப்'. ஒன்பதில் 'தும்'. பதின்மூன்றில் 'டப்'. தும், டப், தும், டப். சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்குவது போல வரிசையாக வந்து போயின.

பத்து மணி வரை அதன்மேல் சாமான் ஏற்றினார். ஜல்ஜல் என்று டாம்பரின் வந்தது, கைதட்டல் வந்தது, கண்ணாடி டம்ளரில் ஸ்பூனால் தட்டும் சத்தம்கூட வந்தது. கடைசியில் பாத்திரக்கடையில் அலமாரி சரிந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு அவரே ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். ஏற்றியதை எல்லாம் இறக்கினார். மீண்டும் தும், டப், தும், டப்.

எழுந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கழிவறைக்குப் போய் எதற்குப் போனோம் என்று யோசித்துவிட்டுத் திரும்பினார். ஹெட்போனை மறுபடி மாட்டினார். மேஜைமேல் விரல்கள் தாமாகவே தடதடத்தன. அப்படித் தடதடத்த விரல்களில் ஒன்று கீபோர்டின் வலது அம்புக்குறியில் பட்டது. இறக்கும்போது எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததை அவர் மறந்திருந்தார். மொத்தத் தாளமும் ஒரே ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்தது. ஒன்றில் இருந்தது இரண்டுக்கு. ஐந்து ஆறுக்கு. ஒன்பது பத்துக்கு. பதின்மூன்று பதினாலுக்கு.

அதைத் திருத்துவதற்குள் அடுத்த விரல் ஓட்டும் பொத்தானைத் தட்ட, பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. நேர்கோடு அசையாமல் உட்கார்ந்தார். அந்த உடம்பின் வரலாற்றில் அது அபூர்வம்.

அதே தும், அதே டப். ஆனால் ஹெட்போனுக்குள் அது துள்ளியது. காலைத் தரையில் வைத்தால் சத்தம் உடனே வரவில்லை. ஒரு கண்சிமிட்டு தாமதித்து, காலுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் எங்கோ எழும்பியது. ஒவ்வொரு அடியும் 'இதோ வந்துட்டேன்' என்று ஓடிவந்து பஸ்ஸைத் தவறவிட்டது. இந்த வித்தைக்குப் புத்தகக்காரர்கள் சிங்கோபேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேர்கோடு முப்பது வருஷத்தில் அதை ஆயிரம் தடவை வாசித்திருப்பார். ஒவ்வொரு தடவையும் நோட்டில் அப்படி எழுதியிருந்தது, எழுதியபடி வாசித்தார். எந்தப் புது அடியும் சேர்க்காமல், எந்த அடியையும் எடுக்காமல், தள்ளி வைத்தாலே போதும் என்பது இன்றைக்குத்தான் தோன்றியது.

முதலில் டப்பை மட்டும் தள்ளிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 'பாதியைத் தள்ளினா பாதிதானே துள்ளும்' என்று கணக்குப் போட்டு அந்த யோசனையை ஒதுக்கினார். எல்லாவற்றையும் தள்ளியபடியே சேமித்தார். பிறகு ஒரு காதில் ஹெட்போனோடு மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரின் பக்கத்தில் போனைப் பிடித்தார்.

"எப்படி இருக்கு?"

"கடையில ஆள் நிக்கிறாங்க. என்னது இது?"

"புதுசு! நல்லாக் கேளு."

கொஞ்ச நேரம் மாத்திரை அட்டை சரசரக்கும் சத்தம். "நேத்து ராத்திரி போட்டுக் காட்டினீங்களே, அதுதானே?"

"போன்ல சரியாக் கேக்காது. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"நாலு மணிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அவன் உங்களை முன்னாடி உக்கார வச்சான்னா நான் அவன்கிட்ட பேசிக்கிறேன்."

"வேண்டாம், வேண்டாம்" என்றார் நேர்கோடு. மனைவி பேசி வாங்கிக்கொடுத்த நாற்காலியில் உட்காருவதைவிட ஏசியே மேல்.

நாலு மணிக்கு டீச்சர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அறை நடுவில் நின்றார். மைத்துனர் கைகட்டிச் சுவரில் சாய்ந்தார். நேர்கோடு ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். ஆச்சரியம் எந்த முகத்தில் முதலில் வரும் என்று அவருக்குள் ஒரு பந்தயம்.

அரை நிமிஷம் ஓடியது. பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை.

"சார், இது நேத்து கேட்டது" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். மொத்தமும் மாத்தியிருக்கேன்."

"எதை மாத்தினீங்க? தும் டப் தும் டப். எனக்குக் காது நல்லா இருக்கு."

"அத்தான்" என்றார் மைத்துனர், பொறுமையைப் பல்லால் பிடித்துக்கொண்டு. "ஃபைல் மாத்திப் போட்டுட்டீங்களா?"

"வந்து பாருப்பா! எல்லாம் ஒரு கட்டம் தள்ளி நிக்குது." திரையில் விரலை வைத்துக் குத்தினார். உண்மைதான். ஒன்றாம் கட்டம் காலி, இரண்டில் தும். ஆறில் டப்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "படம் அழகா இருக்கு. எனக்குக் கண்ணுல வேணாம் சார், கால்ல வேணும்."

நேர்கோடு பாய்ந்தார். ஹெட்போனை எடுத்து மைத்துனரின் காதில் மாட்டிக் கிட்டத்தட்டத் திருகினார். பாட்டை மறுபடி ஓட்டினார். மைத்துனரின் முகம் மாறியது. தோள் ஒருமுறை குலுங்கியது. "அட! துள்ளுது அத்தான்!" என்று, ஹெட்போன் போட்டவர்களுக்கே உரிய உச்சஸ்தாயியில் கத்தினார். ஸ்பீக்கருக்கு மாற்றினார்கள். துள்ளல் போச்சு. ஹெட்போன், துள்ளல். ஸ்பீக்கர், சம்பளப் பட்டியல்.

"ஸ்பீக்கர் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார் மைத்துனர். ஒயரை ஆட்டினார். வேறு ஒயர் மாட்டினார். இடது ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர் எந்தத் தப்பும் செய்யாதவர்களுக்குரிய மௌனத்தோடு நின்றது. நேர்கோடு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவருடைய கணக்குப்படி ரிசப்ஷன் நாற்காலி இருபது அடி தூரத்தில் இருந்தது. ஒவ்வொரு நடையிலும் அது கிட்டத்தில் வந்தது.

"குடுங்க தம்பி, நானும் கேக்கறேன்" என்று டீச்சர் ஹெட்போனை வாங்கி மாட்டினார். கண்ணை மூடினார். கட்டைவிரல் தரையைத் தேடியது.

"நல்லா இருக்கு. ஆனா உள்ள ஒரு ஆள் டொக், டொக்னு தட்டிட்டே இருக்கான். அவன் யாரு?"

"அது கிளிக் டீச்சர். வாசிக்கிறவங்க தாளம் தப்பாம இருக்க கம்ப்யூட்டரே போடும். ஹெட்போனுக்கு மட்டும்தான் போகும், பாட்டுல வரா..."

நேர்கோடு திரும்பித் திரையைப் பார்த்தார்.

முப்பது வருஷமாகக் கிளிக்கைக் காதில் வைத்தே பிழைத்தவர் அவர். சொந்த மூச்சுச் சத்தம் கேட்காதது போல அது அவருக்குக் கேட்பதே இல்லை. கிளிக் ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்றில் ஆணி அடித்தது போல நின்றது. அதற்கு எதிரே அவருடைய தாளம் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. அதனால் துள்ளியது. ஸ்பீக்கரில் கிளிக் இல்லை. எல்லாமே சேர்ந்து தள்ளிப் போயிருந்தால் கேட்கிறவன் எதை வைத்துத் தள்ளியதைக் கண்டுபிடிப்பான்? இரண்டாம் கட்டத்தில் விழுந்த தும்மையே ஒன்று என்று எடுத்துக்கொண்டான். பாட்டு ஒரு கண்சிமிட்டு லேட்டாக ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

டீச்சருக்கு அதைவிடச் சீக்கிரம் புரிந்தது. "மேடையில பன்னெண்டு பேரும் ஒரு அடி வலப்பக்கம் தள்ளி நின்னா, கீழ உக்காந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்? வரிசை நேராத்தான் இருக்குன்னு நினைப்பான். ஒருத்தியாவது பழைய இடத்துலயே நிக்கணும் சார். அப்பதான் மத்த பதினோரு பேரும் நகர்ந்தது தெரியும்."

"தெரியும் டீச்சர்" என்றார் நேர்கோடு. தெரிந்து அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"தெரிஞ்சா செய்ங்க. அஞ்சரைக்கு எனக்கு ரிகர்சல்."

கிளிக்கையே பாட்டில் போட்டுவிடலாம் என்றார் மைத்துனர். அந்த டொக்கைக் கேட்டால் பன்னிரண்டு நர்ஸுகளும் ஐசியு நினைப்பில் ஓடிவிடுவார்கள் என்று டீச்சர் தடுத்தார். நேர்கோடு ஒரு ஷேக்கரை எடுத்தார். உள்ளே மணல் குலுங்கும் சின்னச் சத்தம். அதை ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்றில் நிறுத்தினார். தும்மும் டப்பும் தள்ளிய இடத்திலேயே இருந்தன. முதல் இரண்டு சுற்று மட்டும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தார். கேட்கிறவன் முதலில் வீட்டைப் பார்க்கட்டும், பிறகு வீட்டை விட்டுக் கிளம்புவோம் என்று.

ஸ்பீக்கரில் ஓட்டினார். மூன்றாம் சுற்றில் டீச்சரின் இடுப்பு தானாக வெட்டியது. "ஆங்!" என்றார். மைத்துனர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். நேர்கோடு சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் கண் கீழே போனது.

டீச்சரின் கால். ஆறாம் சுற்று வரை ஷேக்கரோடு விழுந்த பாதம், எட்டாம் சுற்றில் தும்மோடு விழுந்தது. டீச்சருக்கே தெரியவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் மெல்ல வடிந்தது. "என்ன சார், நடுவுல மறுபடி நேத்து மாதிரி ஆயிடுச்சு?"

"நான் எதையும் தொடல அத்தான்" என்றார் மைத்துனர், யாரும் குற்றம் சாட்டும் முன்பே.

நேர்கோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை அவருக்குத் தயக்கம் இல்லை. பெரிய டிரம் பெரிய குரல்காரன், ஷேக்கர் சின்னக் குரல்காரி. கொஞ்ச நேரம் போனால் காது பெரிய குரலின் பக்கம் சாய்ந்து, அதுவே வீடு என்று குடியேறிவிடும். முதல் வேலையாக ஷேக்கரின் சத்தத்தை ஏற்றினார். அதோடு மூன்று சுற்று தள்ளிய தாளம், நாலாவது சுற்றில் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி ஒன்றிலேயே அடி, பிறகு மறுபடி கிளம்புவது என்று அடுக்கினார். காது குடியேறுவதற்குள் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும்.

டீச்சர் இரண்டு நிமிஷமும் ஆடினார். நேர்கோடு பாட்டைக் கேட்கவில்லை. தரையையே பார்த்தார். பாதம் ஒருமுறைகூட நழுவவில்லை. நாலாவது சுற்று வரும்போதெல்லாம் டீச்சர் "வந்துட்டியா" என்பது போல ஒரு குதிகால் வைத்தார்.

முடிந்ததும் மூச்சு வாங்கியபடி, "இதை யார் போட்டது?" என்றார்.

"நான்தான் டீச்சர், இங்கேயேதானே உக்காந்திருந்தேன்."

"நேத்து இவரை எங்க வச்சிருந்தீங்க தம்பி?" என்று மைத்துனரிடம் கேட்டுவிட்டு, பென்டிரைவை வாங்கிப் பையில் போட்டார். "அடுத்த மாசம் ஒரு ஸ்கூல் விழா இருக்கு. அதுக்கும் இந்த சார்தான். நீங்க வேற யாரையும் போடாதீங்க."

டீச்சர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் மைத்துனர் தொண்டையைக் கனைத்தார். "அத்தான், ரிசப்ஷனுக்கு ஒரு பொண்ணைப் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

"பாரு."

"அந்த நாற்காலிக்கு சக்கரம் மாத்திடலாம்."

"மாத்து."

"அப்புறம் அந்த பழைய பாட்டு ஃபைல் எல்லாம் இருக்குல்ல, முப்பது நாப்பது. அதையும் ஒரு கட்டம் தள்ளி விட்டா புதுசுன்னு..."

"போடா டேய்" என்றார் நேர்கோடு. ஆறு வருஷத்தில் முதல்முறையாக முதலாளியை டேய் போட்ட சந்தோஷம் உள்ளங்காலில் குறுகுறுத்தது. மைத்துனர் ஷேக்கரை ரசித்தபடி பாட்டை மறுபடி ஓட்டிவிட்டார். நேர்கோடு டீ குடிக்கக் கீழே இறங்கினார்.

மாடிக்கு நேர் கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் வாசலிலேயே வழிமறித்தார்.

"என்ன சார், மாடியில ஏதாவது மெஷின் ரிப்பேரா?"

"ஏன்?"

"தும் தும்னு ஒரே சீரா அடிக்குது. அது பழகிப்போச்சு, விடுங்க. ஆனா நடுநடுவுல ஒரு அடி அவசரப்பட்டு முந்திக்குது, அப்புறம் ஒண்ணு தயங்கித் தயங்கி வருது. மறுபடி ஒழுங்காயிடுது. எட்டு அடிக்கு ஒரு தடவை இப்படி. பேரிங் போயிருக்கும்."

நேர்கோடு தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். கூரையின் வழியாக இறங்கி வந்தது பெரிய டிரம் மட்டும்தான். ஷேக்கரின் மெல்லிய மணல் சத்தம் மேலேயே கார்ப்பெட்டில் தங்கிவிட்டது. நிற்க வேண்டியவள் இல்லாத வரிசை. நேரான தும், நேரான தும், வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் ஒரு தடுக்கல்.

ஆஸ்பத்திரி ஹால் எவ்வளவு பெரியது? பின்வரிசை எவ்வளவு தூரம்? அங்கே போய்ச் சேருவது ஷேக்கரா, தும்மா? மேடையில் ஆடுகிற பன்னிரண்டு பேரின் காதுக்கே எது முதலில் போகும்?

"சார், டீ சொல்லட்டுமா?" என்றார் கடைக்காரர்.

நேர்கோடு அதற்குள் மூன்று படி ஏறியிருந்தார். ஷேக்கரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுவரைத் துளைக்கிற மாதிரி கனமாக ஒன்றை, பலகையில் காலால் மிதிக்கிற சத்தம் மாதிரி ஒன்றை, நிறுத்த வேண்டும். விரல்கள் கைப்பிடிச் சுவரில் தடதடத்தன. மற்ற கையில் இருந்த போன் காதுக்குப் போனது.

"டீச்சர்! நான்தான் பேசறேன். அந்த பென்டிரைவை இன்னும் எங்கயும் செருகிடலையே?"